கல்லில் சுரண்டிய வரி

பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். புத்தகம் எழுதுகிறவர்கள் எங்கள் அச்சகத்துக்கு வருவார்கள். அவர்கள் எழுதியதில் எழுத்து விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பதோடு என் வேலை முடிந்துவிடும். அப்படிப்பட்டவள் தானே உட்கார்ந்து எழுதத் துணிவது அதிகப்பிரசங்கம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் இந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. திருத்தங்கல் ரோட்டில் இருக்கும் அச்சகங்களில் இன்றைக்கும் ஒரு கதை சொல்கிறார்கள். தீபாவளி சீசனில் ஒரு பொம்பளை ஒரு வரிக்காக மிஷினையே நிறுத்திவிட்டாளாம். கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நான் மிஷினை நிறுத்தவில்லை. நின்றிருந்த மிஷினைத்தான் ஓட்டச் சொன்னேன். அந்த வரி எதற்கு என்று யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் அச்சகத்தில் தீப்பெட்டி லேபிளும் பட்டாசுக் கட்டின் மேலே ஒட்டும் படமும்தான் முக்கிய வேலை. அதோடு கம்பெனிகளின் விலைப்பட்டியல், பில் புத்தகம், கல்யாணப் பத்திரிகை. ப்ரூப் பார்ப்பதும் அச்சகத்துக்கு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் என் பொறுப்பு. பத்துப் பேர் வேலை செய்யும் கூடத்தில் நான் ஒருத்திதான் பெண். யாரோடும் அதிகம் பேசமாட்டேன். யாராவது கேள்வி கேட்டால் ப்ரூப் தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வேன். சிவப்பு மை வைத்திருந்ததால் எல்லோரும் என்னை டீச்சரம்மா என்றார்கள். நான் ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னதில்லை.

அந்தக் காலத்து லேபிள் வேலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு கம்பெனியின் லேபிள் நன்றாக விற்றுவிட்டால் மாதம் போவதற்குள் அதே மாதிரி வேறொன்று கடைக்கு வந்துவிடும். மயில் இடது பக்கம் பார்த்தால் இது வலது பக்கம் பார்க்கும். ரோஜாவுக்குப் பதில் தாமரை இருக்கும். இதைத் தப்பென்று யாரும் நினைக்கவில்லை; ஆர்டர் கொண்டுவருகிறவரே பழைய லேபிளை மேஜையில் போட்டு, இதே மாதிரி வேண்டும் என்றுதான் கேட்பார். ஒவ்வொரு லேபிளின் அடியிலும் அதை அச்சிட்ட அச்சகத்தின் பெயர் எறும்பு எழுத்தில் ஒரு வரியாக இருக்கும். நகல் எடுக்கும்போது முதல் வேலை அந்த வரியைச் சுரண்டி எடுப்பது. அடுத்தவன் பெயரை நம் கல்லில் வைத்து ஓட்டினால் அதைவிடக் கேவலம் கிடையாது.

கல் என்றது லித்தோக் கல், படத்தை மேலே வரைந்து மை தடவி அச்சிடும் வழவழப்பான கல். எங்கள் லித்தோ ஆர்ட்டிஸ்ட் ஒரு பெரியவர், சாத்தூர்க்காரர். வெற்றிலை போட்ட வாயோடு கல்லின் மேல் குனிந்தால் பக்கத்தில் அணுகுண்டு போட்டாலும் நிமிரமாட்டார். கத்தியால் அவர் ஒரு வரியைச் சுரண்டினால் அங்கே எழுத்து இருந்தது என்று கர்த்தரே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அவருக்கு அதில் ஒரு கர்வம் உண்டு.

இந்த இடத்துக்குத்தான் விருதுநகரிலிருந்து ஒரு கல்லூரி விரிவுரையாளர் தம் கையெழுத்துப் பிரதியோடு வந்தார். வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டும் குடும்பங்களைப் பற்றிய நூல். அச்சங்குளம் பக்கமும் சாத்தூரைச் சுற்றியும் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியிருந்தார். அண்ணாச்சி என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் முதலாளிக்கு அதைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. இத்தனை வருஷம் லேபிள் அடித்தாயிற்று, நம் பெயரிலேயே ஒரு புத்தகம் போடுவோம் என்று சொல்லிவிட்டார். அச்சகம் பதிப்பகமும் ஆனது அப்படித்தான்.

புத்தகத்தில் விரிவுரையாளருடையது அல்லாதவை மூன்று இருந்தன. தரையில் குனிந்து உட்கார்ந்து வேலை செய்பவரின் முதுகெலும்பு எப்படி வளைகிறது என்று காட்டும் ஒரு படம். அது ஒரு வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து. அரசாங்க அறிக்கையிலிருந்து ஒரு அட்டவணை. மூன்றாவது, அவர் வீடு வீடாகக் கேட்ட கேள்விகளின் பட்டியல். அது மதுரையில் சமூகப்பணி பாடம் சொல்லும் ஒரு அம்மா உருவாக்கியது. விரிவுரையாளர் சார் இதைத் தெளிவாகவே சொன்னார். மூன்றுக்கும் உரியவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், பதிப்பகம்தான் கேட்பது முறை என்றார். முதலாளி என் மேஜையைக் காட்டினார்.

அனுமதிக் கடிதம் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது. எழுதி எழுதித்தான் தெரிந்துகொண்டேன். எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கத்துப் படம், அதை எந்த மொழி நூலில் போடப்போகிறோம், எத்தனை பிரதி, அடியில் என்ன வரி போட வேண்டும் என்று விரும்புகிறீர்கள் என்றெல்லாம் கேட்க வேண்டும். முதல் தடவை இதில் பாதியை விட்டுவிட்டேன். வெளிநாட்டுப் பதிப்பாளர் மிச்சத்தைக் கேட்டு எழுதினார். இரண்டாவது கடிதத்துக்கு வந்த பதில் இன்னும் விசித்திரம். அந்தப் படம் தங்களுடையதே அல்ல, தாங்களும் ஒரு மருத்துவரிடம் அனுமதி வாங்கித்தான் போட்டிருக்கிறோம், அவருக்கு எழுதுங்கள் என்று முகவரி கொடுத்திருந்தார்கள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. புத்தகத்தில் இருப்பதெல்லாம் புத்தகம் போட்டவருக்குச் சொந்தமில்லை. மருத்துவர் சம்மதம் தந்தார். எலும்புகளின் பெயரைத் தமிழில் போடுவதானால் தமிழாக்கம் யாருடையது என்றும் குறிக்கச் சொன்னார். அரசாங்க அலுவலகம் அறிக்கையின் பெயரையும் ஆண்டையும் அட்டவணைக்குக் கீழே போடச் சொன்னது. சார் அதில் இருந்த எண்களை விழுக்காடாக மாற்றியிருந்தார். கணக்கு மாற்றியது ஆசிரியர் என்று தனியாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கூட்டல் தப்பு அவர்கள் தலையில் விழும் என்றார்கள். நியாயம்தானே.

மதுரை அம்மா பதில் எழுதவில்லை. நேரில் வந்துவிட்டார்.

மதிய வெயிலில் பஸ் விட்டு இறங்கி, குடையை மடக்கிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தார். ஐம்பது வயதிருக்கும். காதிப் புடவை, தேய்ந்த செருப்பு. முதலாளி நாற்காலியைத் துடைத்துப் போட்டு, குடிக்கக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். அந்த அம்மா கலரைத் தொடவில்லை. சார் தம்மிடம் வாய்வார்த்தையாகக் கேட்டார், கேள்விகளைக் கொண்டுபோய் வீடுகளில் கேட்டுக்கொள்ளச் சம்மதம் கொடுத்தேன், ஆனால் கேட்பது வேறு, புத்தகத்தில் அச்சிடுவது வேறு, அதற்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை என்றார். முதலாளிக்கு இந்த வித்தியாசம் பிடிபடவில்லை. கேட்ட கேள்விதானே அச்சாகிறது என்றார்.

அந்த அம்மா பட்டியலை விரித்துக் காட்டினார். நெசவாளர் தெருக்களில் வருஷக்கணக்காக அலைந்து செய்தது. முதல் கேள்வி தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள். அடுத்து அடுப்பு எப்போது பற்ற வைக்கிறீர்கள். அப்புறம் குழந்தையை யார் பார்க்கிறார்கள். கூலியைப் பற்றிய கேள்வி வெகு தூரம் தள்ளித்தான் வந்தது. கூலியை முதலில் கேட்டால் பெண்கள் வாசலைப் பார்ப்பார்கள், வேலை கொடுக்கும் ஏஜென்ட் நிற்கிறானா என்று. அதோடு வாய் மூடிவிடும். தண்ணீரில் ஆரம்பித்தால் அவர்களாகவே கூலிக்கு வந்து சேருவார்கள். எந்தக் கேள்விக்குப் பின் எந்தக் கேள்வி என்பதுதான் அதில் அவருடைய உழைப்பு. தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடியதுதான்.

பிறகு தமக்கு நடந்ததைச் சொன்னார். முன்பு ஒருவர் இதே பட்டியலை வாங்கிப்போய் ஒரு அறிக்கையில் பெயர் போடாமல் அச்சிட்டுவிட்டார். அதற்கப்புறம் இந்த அம்மா ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பினார். அந்த அறிக்கையிலிருந்து எடுத்தது என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள்.

"என் கேள்வியை நானே திருடிட்டேன்னு எழுதியிருந்தாக," என்றார். குரலில் கோபம் இல்லை. "இப்ப நான் ஒரு புத்தகம் எழுதிட்டிருக்கேன். இதுவும் பேர் இல்லாம வந்துச்சுன்னா அதை அடுப்புல போட வேண்டியதுதான். ரெண்டாவது தடவையும் நான்தான் உண்டாக்கினேன்னு சொன்னா எவன் நம்புவான்?"

சார் பட்டியலில் ஒரு கேள்வி சேர்த்திருந்தார், வீட்டில் தீப்பெட்டி மருந்து பற்றிக்கொண்டு யாருக்காவது தீக்காயம் பட்டதுண்டா என்று. நெசவாளர்களிடம் அதைக் கேட்கத் தேவையில்லை, இங்கே தேவை. அந்த அம்மா அதைப் படித்துவிட்டு நல்ல கேள்விதான் என்றார். ஆனால் அது தம்முடையது இல்லை, அதற்கு ஒரு நட்சத்திரம் போட்டு, சேர்த்தது நூலாசிரியர் என்று சொல்லிவிட வேண்டும், அடுத்தவர் வேலைக்குத் தம் பெயர் வேண்டாம் என்றார். பட்டியலுக்கு நேர் கீழேயே வரி வர வேண்டும், முன்னுரையில் நன்றி சொல்வது போதாது, வரி இல்லையென்றால் அனுமதியும் இல்லை என்று அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எழுந்து போகும்போது முதலாளியிடம் சொல்லிக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி என் மேஜைக்கு வந்தார்.

"நீதான் இங்க எழுத்துப் பாக்கிறவளா?"

தாளைத் தூக்கக் கை போனது. தூக்கவில்லை. ஆமாம் என்றேன்.

"அப்ப நீ சொல்லு. அந்த வரி வருமா?"

"வரும்," என்றேன்.

அவர் குடையை விரித்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார். முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் அதுவரை அப்படி ஒரு வாக்கு கொடுத்ததில்லை.

கேள்விப் பட்டியல் கட்டம் கட்டமாக, பெரிய தாளில், மடித்து வைக்கும்படியாக வர வேண்டும். எங்கள் எழுத்து மிஷினில் அவ்வளவு பெரிய தாள் ஓடாது. அதனால் கம்போஸிங் பிரிவில் எழுத்துக் கோத்து, நான் ப்ரூப் பார்த்து, அதிலிருந்து டிரான்ஸ்பர் பேப்பரில் ஒரு நகல் எடுத்து, அதை லித்தோக் கல்லில் இறக்கி ஓட்டுவதென்று முடிவானது. நான் ப்ரூப் பார்த்தபோது அடியில் வரி இருந்தது. இந்த வினாப் பட்டியலை உருவாக்கியவர் மதுரையைச் சேர்ந்த இன்னார், அவர் அனுமதியுடன் இங்கே அச்சிடப்படுகிறது, நட்சத்திரக் குறியிட்ட கேள்வி நூலாசிரியர் சேர்த்தது என்று, அந்த அம்மா ஒப்புக்கொண்ட வாசகம் ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தது. பாஸ் போட்டுக் கொடுத்தேன். நகல் எடுத்ததும் எழுத்துகளைப் பிரித்து அவற்றின் பெட்டியில் போட்டுவிட்டார்கள். சீசன் நேரம், அந்த எழுத்து அடுத்த வேலைக்கு வேண்டும்.

சில நாள் கழித்து, மையின் ஈரம் காய்வதற்காக அடுக்கி வைத்திருந்த தாள்களைப் பார்த்தேன். கட்டங்கள் அழகாக விழுந்திருந்தன. நட்சத்திரம்கூட இருந்தது. அடியில் வரி இல்லை. மேல் தாளை எடுத்தேன், அடுத்ததை எடுத்தேன், நடுவிலிருந்து உருவினேன். எதிலும் இல்லை. வெறும் வெள்ளை.

ஆர்ட்டிஸ்ட்டிடம் போனேன். அவர் ஒரு யானை லேபிளின் தும்பிக்கையில் இருந்தார். அடியில் ஒரு வரி இருந்ததே, என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"சுரண்டிட்டேன்," என்றார், பாராட்டுக்குக் காத்திருப்பவர் மாதிரி. "தடம் தெரியுதா பாருங்க."

ஏன் சுரண்டினீர்கள் என்றேன். அவர் நிமிர்ந்தார், அதுவே அதிசயம்.

"என்ன டீச்சரம்மா கேக்கீக. அடியில பொடி எழுத்துல எவன் பேரோ கெடக்கு. மதுரைன்னு ஊர் வேற போட்டிருக்கு. மதுரைக்காரன் பிரஸ் பேரை நம்ம கல்லுல விட்டு ஓட்டுனா அண்ணாச்சி என் கைய முறிச்சிர மாட்டாக? மறந்துபோயி விட்டுட்டாகன்னு நெனச்சு நானே சரி பண்ணிட்டேன். உங்களுக்கு உதவிதான் செஞ்சேன்."

அவரை நான் என்ன சொல்ல? முப்பது வருஷம் அவர் செய்த வேலையைத்தான் செய்திருக்கிறார். அது அச்சகத்தின் பெயர் இல்லை, அந்தக் கேள்விகளைச் செய்தவரின் பெயர் என்று சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தார். "படத்துக்குக் கீழ, செஞ்சவன் பேரா?" என்றார். "நான் எம்புட்டு யானை போட்டிருப்பேன். எதுக்குக் கீழயாச்சும் என் பேரு இருக்கா?"

அடுக்கிலிருந்து ஒரு தாளை எடுத்து மடித்துக்கொண்டேன்.

முதலாளியின் அறைக்குள் நானாகப் போனது அதுதான் முதல் தடவை. அங்கே விரிவுரையாளரும் இருந்தார். புதன்கிழமை கல்லூரியில் வெளியீட்டு விழா, பைண்டிங் எப்போது முடியும் என்று கேட்க வந்திருந்தார். தாளை மேஜைமேல் விரித்தேன். சார் பார்த்ததுமே முகம் மாறியது. அவருக்குத் தெரியும். ஆனால் அவர் உடனே சமாதானத்துக்குப் போய்விட்டார். முன்னுரையில் அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன், தனியாக ஒரு துண்டுச் சீட்டு அடித்து உள்ளே வைத்துவிடலாம், அடுத்த பதிப்பில் சரி செய்துகொள்ளலாம் என்றார். சீட்டு விழுந்துவிடும் என்றேன். நூலகத்தில் முதல் ஆள் புரட்டும்போதே விழும். மடித்த தாளைப் பிரித்துக் கையால் நகல் எடுத்துக்கொள்கிறவன் முன்னுரையையும் சேர்த்தா எழுதிக்கொள்வான்?

முதலாளி விஷயத்தை வேறு பக்கமிருந்து பார்த்தார். மறுபடி அடிக்க லித்தோ மிஷின் கிடையாது, தீபாவளி ஆர்டர் கழுத்து வரை நிற்கிறது, லோடு ஏற்ற லாரி வாசலில் கிடக்கிறது. பொடி எழுத்தை எவன் படிக்கப்போகிறான்.

முழுத் தாளையும் மறுபடி அடிக்க வேண்டாம் என்றேன். வரி இருந்த இடம் வெள்ளையாகத்தான் கிடக்கிறது. வரியை மட்டும் கோத்து, தாளை மடித்துவிட்டு, அடி ஓரத்தை மட்டும் காலால் மிதிக்கும் சின்ன டிரெடில் மிஷினில் கொடுத்தால் விழும். டிரெடிலிலும் விலைப்பட்டியல் ஓடுகிறது, முடியாது என்றார். பைண்டிங்குக்கு அனுப்பு, பாஸ் போடு என்று சீட்டை என் பக்கம் தள்ளினார். எங்கள் அச்சகத்தில் என் கையெழுத்து இல்லாமல் தாள் பைண்டிங்குக்குப் போகாது. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியதே அவர்தான்.

நான் போடமாட்டேன் என்றேன்.

என் காது இரண்டும் சுட்டது. சார் தரையைப் பார்த்தார். முதலாளி கத்தவில்லை, கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"போடாட்டி நான் போட்டுக்கிறேன்," என்றார். "என் பிரஸ்ஸு."

"போட்டுக்கோங்க அண்ணாச்சி. மதுரை அம்மாவுக்கு நான் கடுதாசி எழுதிருவேன். வரி வரல, நீங்க குடுத்த அனுமதி செல்லாதுன்னு."

"யாரு சம்பளத்த வாங்கிக்கிட்டு யாருக்கு எழுதுவ?"

"அனுமதி கேட்டு எழுதுனதும் நான்தான அண்ணாச்சி. உங்க சம்பளத்துலதான் எழுதுனேன். கெடைச்சதுன்னு சந்தோசப்பட்டீக."

அவர் பேனாவை எடுத்தார். சீட்டின் மேல் வைத்தார். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

"போன வருசம் நம்ம மான் லேபிள சாத்தூர் பிரஸ்காரன் எடுத்தான். கொம்ப மட்டும் மாத்தி, நம்ம பேரச் சுரண்டிட்டான். அன்னைக்கு நீங்க சோறு திங்கல. வீட்டுல இருந்து அக்கா மூணு தடவ ஆள் விட்டாக. லேபிளுக்கே அப்படி. அவுக தெருத்தெருவா நடந்து செஞ்சது."

ஊரே நகல் எடுக்கும்போது அவர் மட்டும் மானுக்காக ஏன் பட்டினி கிடந்தார் என்றால், அந்த மானை ஆர்ட்டிஸ்ட்டோடு உட்கார்ந்து அவரே கற்பனை செய்தார். அது எதன் நகலும் இல்லை. அவர் வாழ்க்கையில் அது ஒன்றுதான் அப்படி.

முதலாளி பேனாவை மூடினார். என்னைப் பார்க்காமல் சாரைப் பார்த்துப் பேசினார். "பாத்தீகளா சார். ஒரு வருசமா வாயத் தொறக்காத புள்ள. தொறந்ததும் எம் மேலயே பாயுது." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "டிரெடில் நாளைக்கு நிக்கும். ஞாயித்துக்கெழம. ஆள் தரமாட்டேன். சீசன்ல அவனுக அந்த ஒரு நாளுதான் தூங்குறானுக. கோயிலுக்குப் போறவ நீ. வருவியா?"

"வருவேன்."

"மையி வீணாச்சுன்னா கேப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மணி அடிக்கும்போது நான் அச்சகத்துக்குள் இருந்தேன். வரியைக் கோத்துத் தர கம்போஸிடர் ஒருவர் சம்மதித்திருந்தார். கோத்து, கட்டி, வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். டிரெடிலை மிதிக்க எனக்குக் கால் வரும், தாள் கொடுக்கத் தெரியாது. கை உள்ளே மாட்டினால் விரல் போய்விடும். நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஆர்ட்டிஸ்ட் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். அவர் அந்த மிஷினைத் தொட்டு எத்தனையோ வருஷமாகியிருக்கும். லித்தோக்காரர்கள் டிரெடிலை மதிப்பதில்லை.

"தள்ளுங்க டீச்சரம்மா. சுரண்டுனவன் நான். வைக்கிறதும் நானே வைக்கேன்."

மடிக்க ஆள் வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே சார் விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். யாரும் கூப்பிடவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். வீட்டுக்கு வீடு தீப்பெட்டி மடிப்பதைப் பார்த்துப் புத்தகம் எழுதியவருக்குத் தாள் மடிக்க வரவில்லை. ஆர்ட்டிஸ்ட் மிஷினை மிதித்துக்கொண்டே அவரைப் பார்த்துச் சொன்னார்.

"சார், அச்சங்குளத்துல நீங்க கேள்வி கேட்ட பொம்பளைகள்ல ஒருத்திய கூட்டிட்டு வந்திருக்கலாம்."

சார் சிரித்துவிட்டார். முந்தின நாள் அந்த அறையில் என் பக்கம் பேசாமல் இருந்தது பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் மடித்த தாள்களை நான் ஒரு தடவை நகத்தால் அழுத்திக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

முதலில் விழுந்தவற்றில் வரி கொஞ்சம் சாய்ந்திருந்தது. தாளை நிறுத்தும் கட்டையைச் சரி செய்த பிறகு நேராக விழுந்தது. ஆனாலும் உற்றுப் பார்த்தால் தெரியும். லித்தோவின் கறுப்பு வேறு, எழுத்தின் கறுப்பு வேறு. வரி மட்டும் கொஞ்சம் கனமாக, தாளில் அழுந்தி, விரலால் தடவினால் புரிகிற மாதிரி இருக்கும். பின்னால் சேர்த்தது என்று எந்த அச்சுக்காரனுக்கும் விளங்கிவிடும். ஆர்ட்டிஸ்ட்டுக்கு அது பிடிக்கவில்லை. தடம் தெரிகிறதே என்று முணுமுணுத்தார். தெரியட்டும் என்றேன்.

சாயங்காலத்துக்குள் எல்லாத் தாளும் முடிந்தது. பாஸ் சீட்டில் கையெழுத்துப் போட்டு முதலாளியின் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். கோயிலில் என்னைத் தேடினார்களாம். என்ன காரணம் என்று பாஸ்டரம்மா கேட்டபோது ஒரு வரி போட வேண்டியிருந்தது என்றேன். அவர் வேதவசனம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

பிற்பாடு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மதுரை அம்மாவின் புத்தகம் சென்னையிலிருந்து வந்தது. பட்டியல் அதில் அவர் பெயரில் இருந்தது. யாரும் திருட்டென்று சொல்லவில்லை. நெசவாளரோடு நிற்காமல் தீப்பெட்டிக் குடும்பங்களையும் சேர்த்திருந்தார். அதற்கு முன் எங்கள் அச்சகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. நட்சத்திரமிட்ட தீக்காயக் கேள்வியை எடுத்தாள அனுமதி வேண்டும், நூலாசிரியருக்கு என்ன வரி போட வேண்டும் என்று கேட்டிருந்தார். ஒரே ஒரு கேள்விக்கு. என் கடிதத்தைவிட ஒழுங்கான கடிதம். எத்தனை பிரதி, எந்தப் பக்கம் என்று எதுவும் விடுபடவில்லை. கம்போஸிங்கில் இருந்தவர்கள் அதை வாங்கி வாங்கிப் படித்துச் சிரித்தார்கள். ஆர்ட்டிஸ்ட் சிரிக்கவில்லை.

என்னைப் பற்றிச் சிரிப்பவர்களுக்கும் இதையே சொல்லிக்கொள்கிறேன். ஒரு வரிதான். அதைச் சுரண்ட ஒருவருக்குக் கண் இமைக்கும் நேரம் போதும். அதைத் திரும்ப வைக்க நாங்கள் மூன்று பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தோம். மறுபடி அப்படி நேர்ந்தால் மறுபடி கொடுப்பேன். அப்போதும் என் காது சுடும். சுட்டுக்கொண்டே பேசுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், திங்கட்கிழமை. நான் போனபோது டிரெடிலில் விலைப்பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. தாள்கள் பைண்டிங்குக்குப் போய்விட்டன. கடிதம் எழுதும் வேலையை முதலாளி என்னிடமிருந்து எடுத்துக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டார். என் மேஜையில் யானை லேபிளின் ப்ரூப் இருந்தது. அடியில் எங்கள் அச்சகத்தின் பெயர் மட்டும். பார்த்துக் கொடுத்தேன்.